சிவப்புத் துணி கறுக்கும் நேரம்

வீடு கட்டும் கம்பி ஆலையிலிருந்து 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. கடையிலிருந்து அதை மனைக்கு ஏற்றிப் போகும் குட்டி யானையின் சரக்குத் தளம் 2.2 மீட்டர்தான். இந்த இரண்டு அளவுகளும் ஒத்துப்போகாததால் நம் சாலைகளில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கடைக்காரர் முதலில் கம்பியை நடுவில் மடிப்பார். 12 மீட்டர் 6 மீட்டராகும். மனைக்குப் போனதும் ஆட்கள் அதை நிமிர்த்திக்கொள்வார்கள். வளைத்து நிமிர்த்திய இடத்தில் கம்பிக்குக் கேடுதான் என்றாலும் அது வேறு கதை. நமக்கு வேண்டியது, மடித்த பிறகும் கம்பி தளத்தைப் போல இரண்டே முக்கால் மடங்கு நீளம் இருக்கிறது என்பது.

ஒரு லோடைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. முழுக் கம்பி ஒன்று ஏறத்தாழ 10.7 கிலோ. நாற்பத்தேழு கம்பி ஏற்றினால் 500 கிலோ. முக்கால் டன் வரை தாங்கும் வண்டிக்கு இது பெரிய பாரமே இல்லை. எடை மேடையில் ஏற்றினாலும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எடை எவ்வளவு என்பதோடு, அது எந்த இடத்தில் உட்காருகிறது என்பதும் வண்டிக்கு முக்கியம்.

குட்டி யானையின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2.1 மீட்டர். பின் அச்சு, கேபின் சுவரிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மடித்த கம்பியைக் கேபின் சுவரில் முட்டக் கிடத்தினால் அதன் நடுப்புள்ளி சுவரிலிருந்து 3 மீட்டரில் இருக்கும். அதாவது, பின் அச்சைத் தாண்டி 1.75 மீட்டர். 500 கிலோவும் அந்தப் புள்ளியில் தொங்குவது போலத்தான் வண்டிக்குத் தெரியும். பின் அச்சை ஊன்றுபுள்ளியாகக் கொண்டு அது வண்டியின் மூக்கைத் தூக்கப் பார்க்கும். 500 ஐ 1.75 ஆல் பெருக்கி 2.1 ஆல் வகுத்தால் 417 வருகிறது. முன் அச்சிலிருந்து 417 கிலோ கழன்றுவிடுகிறது என்று பொருள். ஓட்டுநரையும் சேர்த்து முன் சக்கரங்கள் மேல் இருப்பதே அரை டன் அளவுதான். மிச்சம் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின். திருப்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் முன் சக்கரத்தைத்தான் வண்டி பெரிதும் நம்பியிருக்கிறது. அந்தச் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் உருண்டால் ஸ்டியரிங் காற்றில் மிதக்கும். ஒரு வேகத்தடை போதும், மூக்கு எழும்பிவிடும்.

அனுபவமுள்ள ஓட்டுநர்களுக்கு இந்தக் கணக்கு கையிலேயே இருக்கிறது. ஸ்டியரிங் லேசானால் லோடு பின்னால் போய்விட்டது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்கள் கம்பியைத் தளத்தில் கிடத்துவதில்லை. கேபினுக்கு மேல் இரும்புச் சட்டம் வைத்து, முன் நுனியை அதன் மேல் ஏற்றி, சரிவாகப் படுக்கவிட்டு, பின்பலகையோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். கம்பியின் முன் நுனி கேபின் முகப்போடு நின்றால் கம்பிக்கட்டின் நடுப்புள்ளி ஏறத்தாழப் பின் அச்சுக்கு நேர் மேலே வந்துவிடும். மேற்படிக் கணக்கைத் திரும்பப் போட்டால் முன் அச்சு இழப்பது நாற்பது கிலோகூட இல்லை. வண்டி சமமாக நிற்கிறது, ஸ்டியரிங் பிடிக்கிறது, ஓட்டுநர் நிம்மதியாகக் கிளம்புகிறார்.

ஆனால் பின்பலகையைத் தாண்டி இன்னும் 2.2 மீட்டர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியின் சமநிலைச் சிக்கல் தீர்ந்துவிட்டது. ஓட்டுநருக்கு இருந்த ஆபத்து பின்னால் வருகிறவருக்குக் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டுநரின் உடலுக்கு எந்த எச்சரிக்கையும் தராத ஆபத்து என்பதால்தான் இது இவ்வளவு காலமாக நீடிக்கிறது என்று நினைக்கிறேன்.

கம்பி நீட்டியிருக்கும் வண்டி தெருமுனையில் திரும்பும்போது இன்னொன்றும் நடக்கிறது. பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் எதுவும் திருப்பத்தில் வெளிப்பக்கமாக வீசும். இடதுபுறம் திரும்பினால் வால் வலதுபுறம் போகும். நான்கு மீட்டர் ஆரத்தில் திரும்பும் ஒரு சிறிய வண்டியின் பின் மூலை, சக்கரத் தடத்தைத் தாண்டி 10 செ.மீ. அளவுக்கே வெளியே வரும். அதே திருப்பத்தில் நாம் ஏற்றிய கம்பியின் நுனி 60 செ.மீ.க்கு மேல் வெளியே வீசும். வண்டி இடது பக்கம் ஒதுங்குகிறதே என்று வலது பக்கத்தில் நுழையும் பைக்காரர், வண்டிக்கு வழிவிட்டுத்தான் போகிறார். கம்பிக்கு அவர் வழிவிடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத நுனி

பகல் வெளிச்சத்தில், ஏழடி நீளம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எப்படி ஒருவர் கண்ணில் படாமல் போகும்? பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு இது விளங்காது. நேர் பின்னால் வருகிறவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும்.

அவரைப் பொறுத்தவரை கம்பிக்கு நீளம் கிடையாது. அது அவர் கண்ணை நோக்கி நீண்டிருப்பதால் அவருக்குத் தெரிவது வெட்டுமுகம் மட்டுமே. 12 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 12 மி.மீ. வட்டம் அந்த அளவுக்குச் சுருங்குவது 41 மீட்டர் தூரத்தில். அதற்கு அப்பால் ஒற்றைக் கம்பி நுனி இல்லாததற்குச் சமம். இந்தத் தூரமும் நல்ல வெயிலில், வெளுத்த பின்னணியில் மட்டும்தான். பின்னணி தார்ச் சாலையாக இருந்தால், துருவேறிய கம்பிக்கு இதில் பாதி கிடைத்தாலே பெரிது.

இப்போது 50 கி.மீ. வேகத்தில் வரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 14 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 21 மீட்டர் போய்விடும். பிறகு நிற்க இன்னொரு 16 மீட்டர். மொத்தம் 37. கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் தூரமும் நிற்கத் தேவையான தூரமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன.

உண்மையில் அவர் கம்பியைத் தேடிக்கொண்டு வருவதும் இல்லை. முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மூளை அதன் பின்விளக்குகளையும் பின்பலகையின் அகலத்தையும் வைத்துத்தான் கணிக்கிறது. அந்த உருவம் வேகமாகப் பெரிதாகத் தொடங்கினால் பிரேக் பிடிக்கத் தோன்றும். இங்கே பின்விளக்கு இருப்பது ஓரிடம், மோதப்போகும் நுனி அதற்கு 2.2 மீட்டர் முன்னால். சிக்னலில் நெருக்கியடித்து நிற்கும்போது முன்வண்டிக்கு நாம் விடும் இடைவெளியும் ஏறத்தாழ அதேதான்.

மோதினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரின் முன்பகுதி மோதலில் நசுங்கி, அந்த நசுங்கலிலேயே வேகத்தை விழுங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பம்பரில் ஏதாவது முட்ட வேண்டும். பின்பலகைக்கு மேலாக நீளும் கம்பி பம்பரையும் பானெட்டையும் தொடாமல் நேரே கண்ணாடிக்கு வருகிறது. பைக்கில் வருபவருக்கு அந்த உயரம் நெஞ்சு.

துணியால் முடிந்ததும் முடியாததும்

நுனியில் சிவப்புத் துணி கட்டும் பழக்கம் இந்தச் சிக்கலுக்கான நியாயமான பதில்தான். பகலில் அது வேலை செய்கிறது. 45 செ.மீ. சதுரத் துணி ஒன்று கம்பி நுனியைவிட 37 மடங்கு அகலம். காற்றில் படபடப்பதால் நேர்ப்பார்வையில் இல்லாவிட்டாலும் கடைக்கண்ணை இழுக்கும். ஓரப்பார்வை நுணுக்கத்தைத் தவற விட்டாலும் அசைவைத் தவற விடாது. அமெரிக்காவில் சரக்கு வண்டிகளுக்கான கூட்டாட்சி விதி இந்த 18 அங்குலச் சதுரத்தைத்தான் குறைந்த அளவாகக் கேட்கிறது. பின்னால் நான்கடிக்கு மேல் நீட்டினால் கொடி கட்டாயம். நீட்டிய சரக்கு இரண்டடிக்கு மேல் அகலமாக இருந்தால் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று.

நம் ஊரில் கட்டப்படுவது பெரும்பாலும் கிழிந்த ஒரு கீற்று. அதையும் நீளமான கம்பியின் நுனியில் கட்டாமல், கட்டுக்கம்பி சுற்றிய இடத்தில், நுனிக்கு இரண்டு மூன்றடி உள்ளே முடிந்துவிடுவார்கள். நுனி இங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டிய துணி, இன்னும் தள்ளி இருக்கிறது என்று சொல்கிறது. துணியே இல்லாததைவிட இது மேல் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தி சாய்ந்ததும் நல்ல துணியும் கைவிடுகிறது. இதன் காரணம் நம் கண்ணுக்குள் இருக்கிறது. செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்தார். நல்ல வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கும் சிவப்புப் பூ, மங்கிய வெளிச்சத்தில் எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கறுத்துவிடுகிறது. பச்சை இலைகளோ அப்போதும் வெளுப்பாகத் தெரிகின்றன. விழித்திரையில் இரண்டு வகை உணர்செல்கள் உண்டு. பகலில் நிறம் காண்பவை கூம்புச் செல்கள். இருட்டில் பொறுப்பேற்பவை கோல் செல்கள். கூம்புகளின் மொத்த உணர்வு மஞ்சள் கலந்த பச்சையில், 555 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் பெறுகிறது. கோல்களுக்கு அது 507-இல், நீலம் கலந்த பச்சைக்கு நகர்ந்துவிடுகிறது. 620-க்கு மேற்பட்ட சிவப்பைக் கோல் செல்கள் ஏறக்குறைய உணர்வதே இல்லை. மாலை ஆறரை மணிக்கு, வானத்தில் வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, சாலையில் அந்தத் துணி கறுப்புக் கந்தலாகிவிடுவது இதனால்தான். கட்டட வேலைக்கான லோடு அந்த நேரத்திலும் நகர்கிறது.

முகப்பு விளக்கு பட்டால் சிவப்பு மீண்டும் தெரியாதா? கொஞ்சம் தெரியும். ஆனால் துணி தன் மேல் விழும் ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடிக்கிறது. சிவப்புச் சாயம் பாதிக்கு மேல் விழுங்கியது போக எஞ்சியதும் வானத்துக்கும் வயலுக்கும் போய்விட, ஓட்டுபவர் கண்ணுக்குத் திரும்புவது சொற்பத்திலும் சொற்பம். அமெரிக்க விதியும் இரவில் கொடியை நம்புவதில்லை. சிவப்பு விளக்கு கேட்கிறது.

வந்த வழியே திரும்பும் ஒளி

ரேடியம் ஸ்டிக்கர் என்று நாம் வாங்கும் பட்டைக்குச் சொந்த ஒளி கிடையாது. வந்த ஒளியைச் சிதறவிடாமல், வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதுதான் அதன் வித்தை. கேரம் பலகையில் ஒரு மூலைக்கருகே அடித்த காய், அடுத்தடுத்த இரண்டு ஓரங்களிலும் மோதினால், போன பாதைக்கு இணையாகவே திரும்பி வரும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் அப்படித்தான். மூன்றாவதாக ஒரு பரப்பையும் செங்குத்தாகச் சேர்த்துவிட்டால் இது ஒளிக்கும் பொருந்தும். பட்டைக்குள் இத்தகைய நுண்ணிய மூன்றுமுக மூலைகள் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கின்றன. 1969-இல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த லேசர் பிரதிபலிப்பானிலும் இதே மூலைகள்தான் இருக்கின்றன. மலிவான பட்டைகளில் இதற்குப் பதில் நுண்ணிய கண்ணாடி மணிகள் இருக்கும். ஒவ்வொரு மணியும் ஒளியைத் தன் முதுகில் குவித்து, அங்கிருக்கும் பூச்சில் பட்டுத் திரும்ப அனுப்புகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில் வண்டிக்குப் பின்னால் பத்து மீட்டர் தள்ளி நின்று, செல்போன் விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடியுங்கள். பட்டை எரிவது போலத் தெரியும். விளக்கை இடுப்புக்கு இறக்குங்கள். வெளிச்சம் பட்டை மீது அப்படியே விழுந்தாலும் பட்டை மங்கிவிடும், ஏனென்றால் ஒளி இப்போது உங்கள் இடுப்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. முகப்பு விளக்கும் ஓட்டுபவர் கண்ணும் இரண்டடி இடைவெளிக்குள் இருப்பதால், நூறு மீட்டருக்கு அப்பால் இரண்டும் ஒரே இடம் போலத்தான். அதனால்தான் பட்டை நெடுந்தூரத்திலிருந்தே சுடர்விடுகிறது.

அதன் எதிரி அழுக்கு. ஒளி தூசிப் படலத்தை இரண்டு முறை கடக்க வேண்டும், போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. தூசி 70 விழுக்காடு ஒளியை விட்டால் திரும்புவது 49 விழுக்காடுதான். பாதி விட்டால் கால்வாசி. சேறு தெளித்த பட்டையும் ஒட்டாத பட்டையும் இரவில் ஒன்றே.

கரும்பு டிராக்டர்

ஒளி திருப்பும் பட்டை மிகவும் தேவைப்படுகிற வண்டி கம்பி லோடு அல்ல, கரும்பு டிராக்டர். விழுப்புரம், கடலூர் பக்கம் அரவைப் பருவத்தில் இரவுச் சாலையில் போனவர்களுக்கு இது தெரியும். ட்ரெய்லரின் பக்கங்களைத் தாண்டியும் பின்பலகையைத் தாண்டியும் கரும்பு பிதுங்கி நிற்கும். பின்விளக்கு இருந்தாலும் தொங்கும் தோகை அதை மூடியிருக்கும். இருட்டில் கருமையாக ஒரு சுவர் நகர்கிறது, அவ்வளவுதான்.

டிராக்டர் 20 கி.மீ. வேகத்தில் போகிறது, பின்னால் கார் 80-இல் வருகிறது என்று கொள்வோம். நொடிக்கு 17 மீட்டர் வீதம் இடைவெளி கரைகிறது. ஒன்றரை நொடி யோசனைக்கு 25 மீட்டர், டிராக்டரின் வேகத்துக்கு இறங்க இன்னொரு 23. ஆக 48 மீட்டர் வேண்டும். தாழ்த்திய முகப்பு விளக்கில் இருண்ட பொருள் ஒன்று தெரிய ஆரம்பிப்பதே ஏறத்தாழ அந்தத் தூரத்தில்தான். எதிரில் வரும் வண்டியின் ஒளி கண்ணைக் கூசவைத்தால் அதுவும் இல்லை. சுத்தமான பட்டையோ இருநூறு மீட்டரிலேயே தெரிந்துவிடும். அதாவது, பத்து நொடிக்கு மேல் அவகாசம்.

மெதுவாகப் போகும் பண்ணை வண்டிகளுக்கென்றே 1960-களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு முக்கோணப் பலகையை வடிவமைத்தார்கள். நடுவில் ஒளிர் ஆரஞ்சு, சுற்றிலும் ஒளி திருப்பும் சிவப்புக் கரை. இரவு வேலை கரைக்கு. ஆரஞ்சுக்குப் பகலும் அந்தியும். அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சி ஆரஞ்சாக வெளியிடுகிறது. அந்தி வானில் நீலம்தான் மிகுதி. சாதாரணச் சிவப்புத் துணி கறுக்கும் அதே நேரத்தில் இந்த ஆரஞ்சு துலங்கி நிற்கிறது. கொடிக்கும் ஒளிர் நிறத் துணியையே வாங்கச் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டு விதியில் பட்டைக்கு நிற ஒழுங்கு உண்டு. முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ட்ரெய்லரின் பின்பலகையில் ஒட்டினால் மட்டும் கரும்பு லோடுக்குப் பயன் இல்லை, தோகை மூடிவிடும். ஒரு பலகையில் ஒட்டி, லோடு ஏற்றி முடித்த பிறகு, கரும்பின் வெளிமுகத்தில், இரு ஓரத்திலும் தொங்கவிட வேண்டும். ஆலைக்குக் கிளம்புமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

கம்பிக்கு இந்த ஏற்பாடுகூடச் சட்டப்படி போதாது. பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்று இருந்த சலுகை 2014-இல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது சரக்கு வண்டியின் பின்முனையைத் தாண்டக் கூடாது. துணி கட்டியிருந்தாலும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் இதற்கு 20,000 ரூபாய் அபராதம் வைக்கிறது. ஓட்டியவரோடு ஓட்டச் செய்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள். நீட்டிய சரக்கை இறக்கும் செலவும் தனி.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கம்பிக்கு ஆர்டர் சொல்லும்போதே வண்டியையும் பேசிவிடுங்கள். வளையத்துக்கான 8 மி.மீ. கம்பியைக் கடையிலேயே துண்டு போடச் சொன்னால் அது குட்டி யானைக்குள் அடங்கிவிடும். தூணுக்கும் பீமுக்குமான நீளக் கம்பி மடித்தாலும் இருபதடி இருக்கும். அதற்கு இருபதடித் தளமுள்ள லாரியைத்தான் கேட்க வேண்டும். வாடகை கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலைக் கொடுங்கள்.